போன் கருகினால் முதலில் சுவர் சுவிட்ச், பிறகு தண்ணீர்



திருகோணமலை நகரத்தில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்யும் நமது தோட்டத்துப் பிள்ளைகள் பலர், நாலைந்து பேராகச் சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். கிளை வேலையாக அங்கு சென்றபோது அப்படியொரு அறைக்கும் போனோம். பாயின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகிய வட்டம். ஒரு தம்பியின் வலது கை விரல்கள் இரண்டில் கட்டு. விசாரித்தபோது கிடைத்த கதையைத்தான் இம்முறை தலையங்கமாக எழுதுகிறோம். சம்பளப் பேச்சுவார்த்தை பற்றி எழுதாமல் போனைப் பற்றி எழுதுகிறார்களே என்று சிலர் நினைக்கலாம். லயத்துக் காம்பராவில் ஒரே வாசல், வாசலுக்கு எதிர்ப்பக்கம் படுக்கை, படுக்கைக்கு மேலே பிளக் பொயின்ட் என்று வாழும் நமக்கு இது சின்ன விஷயம் அல்ல.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை உப்புவெளிக் கடற்கரையில் குளிக்கப் போன இடத்தில் போன் அலையில் நனைந்துவிட்டது. அந்தத் தம்பி அதைத் துடைத்து, இரண்டு நாள் அரிசிக்குள் போட்டு வைத்திருந்தார். மூன்றாம் நாள் போன் எரிந்தது, பாட்டும் கேட்டது. சரியாகிவிட்டது என்று அன்றிரவு தலைமாட்டில் சார்ஜுக்குப் போட்டுவிட்டுப் படுத்தார். கடல் தண்ணீர் காய்ந்தாலும் அதன் உப்பு காய்ந்து போவதில்லை. சார்ஜர் வயர் குத்தும் துளைக்குள்ளே அது படிந்து நிற்கும். இரவின் ஈரக்காற்று பட்டதும் அந்த உப்பு மறுபடி கசிந்து, போகக்கூடாத வழியில் மின்சாரத்தைப் போக விடும். அரிசி ஈரத்தை ஓரளவு இழுக்குமே தவிர உப்பை இழுக்காது.

நடுச்சாமத்தில் கருகல் வாடை. பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம் என்று ஒருவர் சொன்னார்; நகத்துக்குப் பூசும் பொலிஷ் மாதிரி இனிப்பான வாடை என்று இன்னொருவர் சொன்னார். இருவர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம் என்றே நினைக்கிறோம். முதலாவது வயரும் துளையும் கருகும் வாடை. இரண்டாவது பற்றரிக்கு உள்ளே இருக்கும் திரவம் சூடாகி ஆவியாக வெளியேறும் வாடை. அந்த இரண்டாவது வந்துவிட்டால் நேரம் மிகக் குறைவு.

தம்பி விழித்தவுடன் செய்தது, நம்மில் பத்துப் பேரில் ஒன்பது பேர் செய்யக்கூடியதுதான்: போனைக் கையில் எடுத்து வயரைப் பிடுங்கினார். விரல் வெந்தது. வலியில் போனைப் பாயில் போட்டார். பாய் பற்றியது. மற்றவர் ஓடிப்போய் ஈரத் துவாயைக் கொண்டுவந்து போனை மூடினார். புகை இன்னும் கூடியது. பக்கத்து அறையில் இருந்த அக்கா சத்தம் கேட்டு வந்து மெயின் சுவிட்சை இறக்கினார், பிறகு துவாயைக் கம்பால் தள்ளிவிட்டு, ஒரு வாளித் தண்ணீர் முழுவதையும் போன் மேலேயே ஊற்றினார், மறுவாளியும் ஊற்றினார். அத்தோடு அடங்கியது. இதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லையாம். ஆனால் அவர் செய்த வரிசை சரியானது. ஏன் சரி என்று விளங்கிக்கொண்டால், அரைத்தூக்கத்தில் எழும்பினாலும் மறக்காது.

இங்கே இருப்பது இரண்டு வேறு ஆபத்துகள். ஒன்று சுவரில் இருக்கிறது: 230 வோல்ட் மின்சாரம். மற்றது போனுக்குள் இருக்கிறது: பற்றரியின் சூடு. சுவிட்சை அணைத்தால் முதலாவது போய்விடும், இரண்டாவது போகாது. பற்றரிக்குள்ளே இரண்டு பக்கத்தையும் ஒன்றோடொன்று தொடவிடாமல், மிக மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று தடுத்துக்கொண்டு நிற்கிறது. சூடு சுமார் 130 பாகையைத் தாண்டினால் அது உருகத் தொடங்கும். பிறகு பற்றரி தனக்குள் இருக்கும் சக்தியாலேயே சூடாகும். அந்தச் சூடு இன்னும் சூட்டை உண்டாக்கும். வயரைப் பிடுங்கினாலும் நிற்காது. அதை நிறுத்துவது குளிர்ச்சி ஒன்றுதான். எனவேதான் முதலில் சுவிட்ச், பிறகு தண்ணீர். வரிசையை மாற்றி, மின்சாரம் ஓடும் பிளக்கில் தண்ணீர் பட்டால் ஊற்றியவருக்கே ஷொக் அடிக்கும்.

“பற்றரியில் லிதியம் இருக்கிறது, தண்ணீர் பட்டால் வெடிக்கும்” என்று பாடசாலையில் படித்த பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. தனி லிதிய உலோகம் தண்ணீரோடு சேர்ந்து தீவிரமாகத் தாக்கமடையும் என்பது உண்மைதான். ஆனால் போனில் இருக்கும் லிதியம்-அயன் பற்றரியில் லிதியம் அந்த உலோக வடிவத்தில் இருப்பதில்லை. விமானப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் இதுவே: சுவாலையை அணை, பிறகு தண்ணீர் ஊற்றிக் குளிரவை, ஐஸ் வைத்து மூடாதே, புகைந்துகொண்டிருக்கும் போனைக் கையால் தூக்காதே. ஐஸோ ஈரச் சாக்கோ மேலே கிடந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். அந்த அறையில் துவாய் செய்த வேலையும் அதுதான்.

இதற்கு நமக்குப் பக்கத்திலேயே நடந்த உதாரணம் உண்டு. 2016 செப்டம்பர் 23ஆம் திகதி சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த இண்டிகோ விமானத்தில், பயணிகள் சிலருக்குப் புகை வாடை வந்தது. உடனே பணியாளர்களிடம் சொன்னார்கள். இருக்கைக்கு மேலே சாமான் வைக்கும் தட்டில் ஒரு பையிலிருந்து புகை. உள்ளே சாம்சங் நோட் 2 போன். பணியாளர்கள் அருகில் இருந்த பயணிகளை வேறு இருக்கைகளுக்கு மாற்றினார்கள், தீயணைப்புக் குப்பியால் அடித்தார்கள். அதோடு விடாமல், தண்ணீர் நிரப்பிய பாத்திரம் ஒன்றைக் கழிவறையில் வைத்து, போனை அதற்குள் போட்டார்கள். விமானம் வழமைபோல் சென்னையில் இறங்கியது. குப்பி சுவாலையைத்தான் அணைக்கும், உள்ளே இருக்கும் சூட்டை அணைக்காது என்பதால்தான் அந்தத் தண்ணீர்ப் பாத்திரம். அதே மாதத்தில்தான் அந்தக் கம்பனி புதிதாக விற்ற நோட் 7 போன்கள் தீப்பிடிப்பதாக உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டுக்கொண்டிருந்தன. மாற்றிக் கொடுத்தவையும் தீப்பிடிக்க, ஒக்டோபரில் அந்தப் போனையே நிறுத்திவிட்டார்கள். விமானத்தில் புகைந்ததோ பழைய போன். ஆகவே புதிய போன், பெரிய கம்பனி என்று நம்பியும் இருக்க முடியாது. பழைய போன் இவ்வளவு காலம் ஒன்றும் செய்யவில்லையே என்று நம்பியும் இருக்க முடியாது.

இனி நமது காம்பராவுக்கு வருவோம். வாடை வந்தவுடன் பிள்ளைகளையும் படுத்திருப்பவர்களையும் எழுப்பி வாசலுக்கு வெளியே அனுப்புங்கள். போனைத் தொடாமல் சுவரில் சுவிட்சை அணையுங்கள். அந்தச் சுவிட்சே கறுத்து, சுட்டு, அதிலிருந்தே புகை வந்தால் அதைத் தொடாமல் மெயினை இறக்குங்கள். “ட்ரிப் சுவிட்ச் தானாக விழவில்லையே, அப்படியென்றால் பயமில்லை” என்று சிலர் சொல்வார்கள். மின்சாரம் கசிந்தால் விழுவதற்குத்தான் அது இருக்கிறது. போனுக்குள் பற்றரி எரிவது அதற்குத் தெரியவே தெரியாது.

சுவிட்சை அணைத்த பிறகு, வாடை எங்கிருந்து வருகிறது என்று எட்டி நின்று பாருங்கள். பிளக்கோ சார்ஜரோ கருகியிருந்தால், மின்சாரம் நின்றதும் சில நிமிடத்தில் வாடை அடங்கத் தொடங்கும். போன்தான் என்றால் அடங்காது. முதுகு உப்பியிருக்கும், ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் வரும், வெள்ளையாகவோ சாம்பலாகவோ புகை பீறிடும். அப்போது அதை நகர்த்தப் போகாமல், கிடக்கும் இடத்திலேயே தூரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு கோப்பை போதாது, வாளி வேண்டும். முகத்தைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. அந்தப் புகை கண்ணையும் நெஞ்சையும் அரிக்கும் நஞ்சு. புகையே இல்லாமல் வெறுமனே சுடுகிறது, உப்பியிருக்கிறது என்றால், அடுப்பு இடுக்கியால் எடுத்தோ தகரத்தில் தள்ளியோ வாசலில் சீமெந்துத் தரையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

மெத்தையோ கூரையோ பற்றிவிட்டால், அல்லது எதிரே இருப்பவர் தெரியாத அளவுக்குப் புகை நிறைந்துவிட்டால், வாளியைப் போட்டுவிட்டு வெளியேறுங்கள். கதவைச் சாத்துங்கள், பக்கத்துக் காம்பராக்களை எழுப்புங்கள், 110க்கு அழையுங்கள். நகரத்தில் தீயணைப்பு வண்டி வந்துசேரும். மலைத் தோட்டத்துக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே போனையும் பெட்டியையும் எடுக்க எவரும் திரும்ப உள்ளே போகக் கூடாது. அடையாள அட்டை போனாலும் வேறு எடுக்கலாம்.

அணைந்த போன் மறுபடி பற்றக்கூடும், மணிக்கணக்கு கழித்துக்கூட. இரவு முழுவதும் வெளியே, விறகுக்கும் சுவருக்கும் தள்ளி, தண்ணீர் நிறைந்த பழைய வாளிக்குள் கிடக்கட்டும். அதைக் காய வைத்து மறுபடி சார்ஜ் போட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம். அடுப்பிலோ குப்பை எரிக்கும் குழியிலோ போட்டாலும் வெடிக்கும். சுட்ட கைக்கு ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். பற்பசையும் எண்ணெயும் பூசினால் சூடு உள்ளே தங்கும். மூச்சுத் திணறினாலோ காயம் பெரிதாக இருந்தாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸ். அதற்குக் கட்டணம் இல்லை.

அந்தத் தம்பி இரண்டு கிழமை வேலைக்குப் போகவில்லை. நாட்சம்பளக்காரருக்கு விடுமுறைச் சம்பளம் ஏது. இப்போது கடல் பக்கம் போகும்போது போனை அறையில் வைத்துவிட்டுப் போகிறாராம். சார்ஜ் போடுவது மாலையில், எல்லோரும் விழித்திருக்கும்போது, தலையணையை விட்டுத் தள்ளி, கதவோரச் சீமெந்தில்.

இதில் போன் வைத்திருப்பவரின் கையில் இல்லாத பகுதியும் இருக்கிறது. ஒரே பொயின்டிலிருந்து வயர் இழுத்து இரண்டு மூன்று காம்பராக்கள் பாவிப்பது ஆசைக்காக அல்ல, வேறு பொயின்ட் இல்லாததால். கறுத்த பொயின்ட், தளர்ந்த சுவிட்ச், ஆட்டினால் பொறி பறக்கும் பிளக், ட்ரிப் சுவிட்ச் இல்லாத லயம் ஆகியவற்றை லய இலக்கம், காம்பரா இலக்கம், கண்ட திகதி மூன்றையும் எழுதி உங்கள் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். கிளையில் அதற்கென்று ஒரு கொப்பி திறந்திருக்கிறோம். அடுத்த மாதம் நிர்வாகத்தைச் சந்திக்கும்போது அந்தக் கொப்பியை மேசையில் வைத்தே பேசுவோம்.