தனுஷ்கோடியில் இறங்கியவர்கள்

இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்து நீலகிரியில் குடியேறிய குடும்பங்களின் கதைகளை இந்த இதழிலிருந்து தொடராக வெளியிடுகிறோம். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைக் குடியிருப்புகளில் வாழும் முதியவர்களிடம் நேரில் கேட்டுப் பதிவு செய்தவை இவை. கப்பலேறியபோது இருபத்தைந்து வயதாக இருந்தவர்கள் இன்று எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். தொடரைப் படிக்குமுன் வாசகர்களிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பேட்டிகளில் பிழையான செய்திகள் இருக்கின்றன. அவை பிழை என்று தெரிந்தேதான் அச்சிடுகிறோம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பேசியவர் மூத்த பெண்மணி. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவர். பெட்டி கட்டியது, லயத்து வாசலில் எல்லாரும் அழுதது, தலைமன்னாரில் கப்பலேறியது என்று வரிசையாகச் சொல்லிவந்தவர், “தனுஷ்கோடியில எறங்குனோம், அங்கேருந்து மண்டபம் கேம்புக்குக் கொண்டு போனாங்க” என்றார். அவருடைய பாஸ்போர்ட் 1970களில் கொடுக்கப்பட்டது. ஆனால் தனுஷ்கோடித் துறைமுகம் 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலோடு அழிந்துவிட்டது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோன இரவு அது. அதன்பிறகு தலைமன்னார்க் கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான் வந்தது. அவர் தனுஷ்கோடியில் இறங்கியிருக்க வழியே இல்லை.

இந்த இடத்தில் இரண்டு விதமாகத் தவற முடியும். தனுஷ்கோடியை அடித்துவிட்டு ராமேஸ்வரம் என்று திருத்தி அச்சிடுவது ஒன்று. ஊர்ப்பெயரே தெரியாதவர் சொன்னதை எப்படி நம்புவது என்று பேட்டியையே ஒதுக்கிவிடுவது இன்னொன்று. நாங்கள் இரண்டையும் செய்யவில்லை. வேறொரு நாள் போய், அவருடைய தாத்தா பாட்டி இலங்கைக்குப் போன கதையைக் கேட்டோம். அதில் தனுஷ்கோடி சரியான இடத்தில் இருந்தது. மண்டபம் முகாமில் நோய்ப் பரிசோதனைக்காக வைத்திருந்தது, பிறகு ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பல் என்று அவர்கள் போன வழியை அவர் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறார். மண்டபம் அவர்கள் போகும்போதும் இருந்தது, இவர் வரும்போதும் இருந்தது. போனவர்கள் தங்கிய முகாமிலேயே திரும்பி வந்தவரும் தங்கியிருக்கிறார். இரண்டு பயணங்களும் அவர் மனதில் அங்கேதான் ஒன்றாகியிருக்கின்றன. தான் ஒருபோதும் பார்த்திராத இந்தியாவுக்குள் நுழைந்த ஒருவர், தாத்தா கப்பலேறிய துறையிலேயே தான் இறங்கியதாக நினைவில் வைத்திருக்கிறார். எந்த முகாம் பதிவேட்டிலும் இந்தச் செய்தி கிடைக்காது.

வாய்மொழி வரலாற்றில் இதற்கு முன்னோடி உண்டு. இத்தாலியின் தெர்னி என்ற உருக்காலை நகரில் 1949 மார்ச் 17 அன்று, நேட்டோவில் இத்தாலி சேருவதை எதிர்த்த ஊர்வலத்தில் லூயிஜி த்ராஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி காவல்துறையினரால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து வாய்மொழி வரலாற்று ஆய்வாளர் அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி அந்நகரத் தொழிலாளர்களிடம் கேட்டபோது, பலர் அந்தச் சாவை 1953க்கு நகர்த்தியிருந்தார்கள். ஆலையில் ஆயிரக்கணக்கானோரை வேலைநீக்கம் செய்ததால் எழுந்த தெருப்போராட்டத்தில் அவர் இறந்ததாகச் சொன்னார்கள். ஓர் ஆளின் மறதி என்றால் ஆளுக்கொரு வருடம் சொல்லியிருப்பார்கள். பலரும் ஒரே இடத்துக்கு நகர்த்தியதால், அந்த வேலைநீக்கம் அவர்களுக்கு எவ்வளவு பெரிய காயம் என்பது போர்த்தெல்லிக்குப் புரிந்தது. ஆனால் உண்மையான தேதி ஆவணத்தில் இருந்ததால்தான் நகர்ந்த தேதி கண்ணுக்குத் தெரிந்தது. காகிதம் இல்லாமல் நினைவை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

எங்கள் பேட்டிகளிலும் பலருக்குப் பொதுவான நகர்வு ஒன்று இருக்கிறது. ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், கலவரத்தால் வந்தோம் என்ற பதில் முந்திக்கொண்டு வருகிறது. 1983க்குப் பிறகு இலங்கை என்றாலே எல்லார் மனதிலும் அதுதான். 1977இலும் மலையகத்தில் தோட்டத் தொழிலாளர்கள் தாக்கப்பட்டார்கள், அதற்குப் பயந்து வந்தவர்கள் உண்டு. ஆனால் அதற்கு முன்பே வந்துசேர்ந்தவர்களும் இதையே சொல்கிறார்கள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று பங்கு போட்டது. பங்கு போடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. “இந்தியாவுக்கு அப்ளிகேஷன் போட்டது யாரு?” என்று கேட்ட பிறகுதான் வேறு கதை வெளிவருகிறது. அப்பா போட்டார், கங்காணி போடச் சொன்னார், பக்கத்து லயத்தில் எல்லாரும் போட்டார்கள். அதோடு 1973, 74இல் தோட்டங்களில் இருந்த பட்டினி. பாணுக்கு வரிசையில் நின்றதையும் மரவள்ளியைத் தின்று நாளை ஓட்டியதையும் பெண்கள் சொல்கிறார்கள். பட்டினியால் வந்தோம் என்று பிள்ளைகள் முன்னால் சொல்ல ஆண்கள் தயங்குகிறார்கள். கலவரம் என்றால் கேட்பவர் அடுத்த கேள்வி கேட்பதில்லை.

ஆகவே கேட்கும் முறையைப் பற்றிக் கறாராக இருக்கிறோம். “கலவரத்துல வந்தீங்களா?” என்று யாரும் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் ஆமாம் என்ற பதில்தான் வரும். வருடத்தையும் முதலில் கேட்பதில்லை. கடைக்குட்டி கைக்குழந்தையா, நடந்தானா, கப்பல் பேர் ஞாபகம் இருக்கா, பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்டால் வருடம் தானாக ஒரு எல்லைக்குள் வந்துவிடும். முதல் சந்திப்பில் பாஸ்போர்ட்டையோ முகாமில் கொடுத்த குடும்ப அட்டையையோ எடுத்துவரச் சொல்வதில்லை. காகிதத்தைப் பார்த்ததும் பேச்சு அதற்கு ஏற்றாற்போல மாறிவிடுகிறது. இரண்டாம் சந்திப்பில்தான் காகிதம். வீட்டில் மகன் இருந்தால் அம்மாவிடம் கேட்ட கேள்விக்கு மகன் பதில் சொல்வார், அதுவும் படித்ததையும் கேட்டதையும் சேர்த்து. அவரைத் தனியாக, அவருடைய நினைவுகளுக்காகவே பேட்டி காண்கிறோம்.

காகிதமும் அப்படியே நம்பத்தக்கதல்ல. அட்டையில் இருக்கும் குடும்பம், குடும்பத் தலைவர் என்று ஓர் ஆணின் பெயருக்குக் கீழே அதிகாரிகள் எழுதியது. லயத்தில் ஒரே அடுப்பில் உண்டவர்கள் எல்லாரும் அதில் இல்லை. வயது பல அட்டைகளில் குத்துமதிப்பு. மேலே சொன்ன பெண்மணியின் அட்டையில் அவருக்கு அக்காவே கிடையாது. ஆனால் அவர் பேச்சில் பாதி அக்காவைப் பற்றித்தான். அக்காவின் வீட்டுக்காரர் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டதால் அக்கா அங்கேயே நின்றுவிட்டார். திரும்புகிறவர்களை ஏற்றிவந்த ரயிலை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். அந்த ஒப்பாரியில் பாதி, நின்றுவிட்டவர்களுடையது. அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

பேசியவர்களின் சொற்களைச் சொன்னபடியே அச்சிட்டிருக்கிறோம். தேதியோ இடமோ ஆவணத்தோடு முரண்படும் இடங்களில் பக்கத்திலேயே சிறு எழுத்தில் அதைக் குறித்திருக்கிறோம். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு பேட்டியையும் பேசியவருக்கு வாசித்துக் காட்டினோம். தனுஷ்கோடியைப் பற்றிய குறிப்பைக் கேட்ட அந்தப் பெண்மணி, குறிப்பு இருக்கட்டும், தான் சொன்னதும் இருக்கட்டும் என்றார். இரண்டும் இருக்கின்றன.

இப்போதைக்கு இந்தத் தொகுப்பு ஒரு கரையின் கதை மட்டுமே. நின்றுவிட்ட அக்காக்களும் அண்ணன்களும் அதே நாளை எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் இதை முடிக்க முடியாது. ஹட்டன், பதுளை, நுவரெலியா பகுதிகளில் உள்ள நண்பர்கள் அங்குள்ள உறவுகளிடம் பதிவு செய்து அனுப்ப முன்வந்தால், கேள்விகளின் பட்டியலை அனுப்பிவைக்கிறோம். வருடத்தைக் கேட்க வேண்டாம் என்பது அதில் முதல் குறிப்பு.