வங்கி விவரம் போகவில்லை, சரி, போனது எது?

மாணவர்களே, திரிங்காப்பில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் காய்கறி லாரி ஓட்டும் மாமா ஒருவர் இருக்கிறார். கடந்த ஆண்டு அவருக்கு ஒரு நிறுவனத்திடமிருந்து தகவல் கசிவு பற்றிய அறிவிப்பு வந்தது. இரண்டு பக்கம். படிவம் மூன்றில் படிக்கும் மகள்தான் அதைப் படித்து அப்பாவுக்குச் சுருக்கிச் சொன்னாள்: “வங்கி விவரம் எதுவும் போகலையாம்பா. பயப்பட வேண்டாம்.”

இரண்டு வாரம் கழித்து மாமாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் தம்மைக் காவல்துறை அதிகாரி என்றார். மாமாவின் முழுப்பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி மூன்றையும் பிசகாமல் ஒப்பித்தார். “உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றி வையுங்கள்” என்றார். இவ்வளவு தெரிந்தவர் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பி மாமா தானா ராத்தாவுக்குப் புறப்பட்டுவிட்டார். வங்கி முகப்பில் இருந்த ஊழியர், “இந்தக் கணக்கு யாருடையது, அண்ணே?” என்று கேட்டதால்தான் பணம் தப்பியது.

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. அறிவிப்பில் அந்த வரி இருந்தது. ஆனால் அவள் சொன்னது போகாததைப் பற்றி. போனது எது, அதை வைத்து என்ன செய்ய முடியும் என்பது சுருக்கத்தில் இல்லை. தகவல் கசிவு அறிவிப்பைச் சுருக்கும்போது நிறுவனம் எழுதிய வரிசையைப் பின்பற்றவே கூடாது என்பது என் கருத்து. போன ஒவ்வொரு தகவலையும் தனியே எடுத்து, ‘இதை மாற்ற முடியுமா?’ என்று கேட்டு இரண்டாகப் பிரிக்க வேண்டும். நம் நாட்டில் நடந்த ஒரு கசிவை வைத்தே இதைச் செய்து பார்ப்போம்.

2017 அக்டோபரில், மலேசியக் கைப்பேசி நிறுவனங்களின் வாடிக்கையாளர் பதிவுகள் இணையத்தில் கசிந்திருப்பதை லோயாட்.நெட் என்ற தொழில்நுட்பச் செய்தித்தளம் வெளிப்படுத்தியது. மொத்தம் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்கள். அன்றைய மக்கள்தொகை சுமார் 3 கோடியே 20 இலட்சம்தான். ஒருவரே இரண்டு, மூன்று எண்கள் வைத்திருப்பதால் கணக்கு அப்படி வருகிறது. கசிந்த பதிவுகளில் பெயர், முகவரி, அடையாள அட்டை எண், கைப்பேசி எண் ஆகியவற்றோடு சிம் அட்டையின் எண்ணும் கைப்பேசிக் கருவியின் எண்ணும் இருந்தன.

முதலில் மாற்றக்கூடியவற்றைப் பார்ப்போம். சிம் அட்டைக்குள் ஐ.எம்.எஸ்.ஐ. என்ற 15 இலக்க எண் ஒன்று இருக்கிறது. வலையமைப்பு உங்கள் சந்தாவை அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். மலேசிய சிம் என்றால் அது 502 என்று தொடங்கும். கடைக்குப் போய் அதே தொலைபேசி எண்ணுக்குப் புதிய சிம் அட்டை வாங்கினால் இந்த எண் மாறிவிடும். கசிந்த பழைய எண் பயனற்றுப் போகும். கருவியின் எண்ணுக்கு ஐ.எம்.இ.ஐ. என்று பெயர். உங்கள் கைப்பேசியில் *#06# என்று தட்டினால் திரையில் தெரியும். புதுக் கைப்பேசி வாங்கினால் அதுவும் மாறும். ஆகவே இந்த இரண்டையும் ‘மாற்றலாம்’ என்ற பக்கத்தில் எழுதுங்கள்.

இனி மாற்ற முடியாதது. அடையாள அட்டை எண்ணைப் பாருங்கள். 080312-06- என்று ஓர் எண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆறு இலக்கம் பிறந்த நாள்: 2008 மார்ச் 12. அடுத்த 06 பிறந்த மாநிலம் பகாங் என்பதைக் குறிக்கிறது. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். 2017 பட்டியலில் ‘பிறந்த தேதி’ என்று தனியாக எதுவும் இல்லாவிட்டாலும் அடையாள அட்டை எண் போனபோதே பிறந்த தேதியும் போய்விட்டது. அறிவிப்பில் எழுதாமலே போகும் தகவல் இது. சுருக்கத்தில் நீங்கள்தான் இதை எழுதிச் சேர்க்க வேண்டும்.

கடவுச்சொல்லைப் போல இந்த எண்ணை நாளைக்கே மாற்ற முடியாது. ஒருவர் பிறந்ததிலிருந்து கடைசிவரை கூடவே வருவது. அப்படியானால் என்னதான் செய்வது? எண்ணை மாற்ற முடியாது, அதன்மேல் நாம் வைத்திருக்கும் நம்பிக்கையை மாற்றலாம். “என் அடையாள அட்டை எண் தெரிந்தவர் அதிகாரி” என்று நினைப்பதை நிறுத்த வேண்டும். அந்த எண் வெளியே போய்விட்டது. அதை யாரும் சொல்லலாம். அழைப்பைத் துண்டித்துவிட்டு, அந்த அலுவலகத்தின் எண்ணை நாமே தேடி அழைக்க வேண்டும். பணம் போடச் சொல்லும் கணக்கு எண்ணைக் காவல்துறையின் semakmule.rmp.gov.my பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒன்று: அங்கே பதிவு இல்லை என்றால் இதுவரை புகார் வரவில்லை என்றுதான் பொருள், நல்ல கணக்கு என்று பொருளில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

அடுத்து, எப்போது போனது என்ற கேள்வி. 2017இல் வெளிவந்த அந்தக் கோப்புகளின் நேரக்குறிப்பு 2014ஆம் ஆண்டின் மே முதல் ஜூலை வரை என்று காட்டியது. தகவல் போய் மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் மக்களுக்குத் தெரிந்தது. இதனால் செய்ய வேண்டிய காரியமும் மாறுகிறது. 2014க்குப் பிறகு சிம் அட்டையை மாற்றியவருக்கு அந்தப் பகுதி முடிந்த கதை. மாற்றாதவர்தான் கடைக்குப் போக வேண்டும்.

அதே சமயத்தில் வெளிவந்த இன்னொரு தொகுப்பு ஜாப்ஸ்ட்ரீட் வேலைவாய்ப்புத் தளத்தினுடையது. அதிலிருந்த தேதிகள் 2012 மார்ச் மாதத்தைக் காட்டின. அதில் கடவுச்சொற்களும் இருந்தன. கடவுச்சொல் எளிதில் மாற்றக்கூடியது. ஆனால் அந்தத் தளத்தில் மட்டும் மாற்றினால் போதாது. ஐந்து ஆண்டுகளில் அதே கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கும் வேறு தளங்களுக்கும் வைத்திருந்தால் அத்தனை இடத்திலும் மாற்ற வேண்டும். மின்னஞ்சலில் தொடங்குங்கள். மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்கும் கடிதம் அங்கேதான் வந்து சேரும்.

இந்த அறிவிப்புகளின் மொழியிலும் கவனம் தேவை. “தகவல் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை” என்று எழுதியிருப்பார்கள். அதை “தவறாகப் பயன்படுத்தவில்லை” என்று சுருக்கிவிடாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனையில் நிறம் மாறவில்லை என்பதற்காக அந்தப் பொருளே இல்லை என்று நாம் எழுதுவதில்லை. “சில வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம்” என்பதையும் “நமக்கு இல்லை” என்று மாற்றாதீர்கள். நாம் அதில் இருக்கிறோமா என்று அறிவிப்பு சொல்லவில்லை என்றால், சுருக்கத்தில் ‘சொல்லவில்லை’ என்றே எழுதுங்கள். பிறகு அந்த நிறுவனத்தைக் கேளுங்கள்.

இப்போது 2017 கசிவுக்கு, மாமாவைப் போன்ற ஒருவர் கையில் கொடுக்கக்கூடிய சுருக்கத்தை எழுதிப் பார்ப்போம்:

“உங்கள் பெயர், முகவரி, அடையாள அட்டை எண், கைப்பேசி எண், சிம் எண், கருவி எண் ஆகியவை வெளியே போயிருக்கலாம். உங்கள் பிறந்த தேதியும் அதில் அடங்கும். இவை 2014ஆம் ஆண்டுப் பதிவுகள். அதற்குப் பிறகு சிம் அட்டையை மாற்றவில்லை என்றால், அடையாள அட்டையோடு கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் கைப்பேசியில் காரணமில்லாமல் திடீரென்று சேவை நின்றால், வேறு யாரோ உங்கள் எண்ணுக்குப் புது சிம் எடுத்திருக்கலாம். வேறொரு கைப்பேசியிலிருந்து உடனே நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள். அடையாள அட்டை எண்ணை மாற்ற முடியாது. ஆகவே அதைச் சொல்லிப் பேசுகிறவரை அதனாலேயே நம்பாதீர்கள்.”

இதில் ‘வங்கி விவரம் போகவில்லை’ என்று எழுதவில்லை. எழுதினால் தவறில்லை, ஆனால் அதைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். முதலில் கேட்பதுதான் மனத்தில் நிற்கும்.

2017இல், கசிவு நடந்தால் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிக்க வேண்டும் என்ற கடமை நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை. சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூன் 1 முதல் அந்தக் கடமை வந்திருக்கிறது. நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பெரிய தீங்கு நேரக்கூடும் என்றால், அதன்பின் 7 நாள்களுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். மத்திய, மாநில அரசுகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்ற குறை இன்னும் இருக்கிறது. இருந்தாலும் இது நல்ல மாற்றம். இனி இப்படிப்பட்ட அறிவிப்புகள் நம் வீடுகளுக்கு அடிக்கடி வரும்.

அறிவிப்பு எந்த நாளுக்குள் வர வேண்டும் என்று சட்டம் சொல்லிவிட்டது. தோட்டத்திலும் காய்கறிப் பண்ணையிலும் வேலை முடித்து வருகிறவர் அதைப் படித்துப் புரிந்துகொள்வாரா என்பது வேறு. போன தகவல் ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்ய வேண்டியதை எழுதிய ஒரு பட்டியல், அறிவிப்பின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். நிறுவனங்கள் அதை எழுதும்வரை, வீட்டில் அதை எழுதப்போவது நீங்கள்தான்.

லாரி மாமாவின் மகள் இப்போது அந்தப் பழைய அறிவிப்பை மறுபடி எடுத்து, ஒரு தாளில் நடுவே கோடு போட்டு எழுதிவிட்டாள். ‘மாற்ற முடியாது’ என்ற பக்கத்தில் அடையாள அட்டை எண் மட்டும் இருக்கிறது. அதன்கீழே, “இதைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் போனை வைத்துவிட்டு என்னிடம் சொல்லுங்கள், அப்பா” என்று எழுதியிருக்கிறாள். மாமா அந்தத் தாளை லாரியின் கண்ணாடிக்கு மேலே செருகி வைத்திருக்கிறார்.