வணக்கமும் ‘டா’வும்

இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே 12 கிலோமீட்டர் அளவே தொலைவு. காலையும் மாலையும் அவ்வழியே செல்லும் பேருந்துகளில் மாணவர் கூட்டம் நிறைந்திருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய பேருந்து ஒன்றில் நாம் பயணம் செய்தபோது, ஏறி வந்த மாணவன் ஒருவன் படியருகே நின்ற தோழனைக் கண்டு, “வணக்கம்டா மாப்ள!” என்று உரக்கக் கூவினான். கூவியவன் வீட்டில் தெலுங்கு பேசுபவன். கூவப்பட்டவன் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. அருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் மெய்யாகவே குழம்பிப்போய், “ஏன் தம்பி, எந்த வகையில அவரு உங்களுக்கு மாப்பிள்ளை?” என்று வினவினார். மாணவர்கள் சிரித்தார்கள். முதியவர் சிரிக்கவில்லை.

அவர் அறியாமையால் குழம்பினார் என நாம் கருதவில்லை. அச்சொற்களின் பொருளை மாணவரினும் நன்கு அறிந்திருந்தமையே அவர் குழப்பத்திற்குக் காரணம். வணக்கம் என்பது மதிப்புக்குரியோர்க்கும் மேடைக்கும் உரிய சொல். ‘டா’ என்பது ஒத்தாரிடமும் இளையாரிடமும் மட்டுமே வழங்குவது. மாப்பிள்ளையோ, பெண் கொடுத்த வீட்டார் எழுந்து நின்று வரவேற்கும் உறவினர். அவரை எவரும் ‘டா’ என்று விளிப்பதில்லை. ஒன்றோடொன்று சேராத மூன்று சொற்கள் ஒரே மூச்சில் சேர்ந்து வந்தால் பெரியவர் செவி திகைப்பது இயல்பே. இளைஞர்க்கோ அந்தச் சேராமையே சுவை.

இவ்வாழ்த்து எங்கிருந்து வந்தது? 2020ஆம் ஆண்டை ஒட்டி, டிக்டாக் செயலியில், “வணக்கம்டா மாப்ள, தேனியில இருந்து” என்று இளைஞர் ஒருவர் தொடங்கிய சிறு காணொளிகள் தமிழகமெங்கும் பரவின. தேனியின் இடத்தில் தத்தம் ஊரை வைத்துக்கொள்ள அத்தொடர் இடந்தந்தது. யாரும் தம் ஊர்ப் பெயரை இட்டு நிரப்பிக் கொள்ளலாம் என்பதே அது விரைந்து பரவியதன் இரகசியம் என்போம். 2020 சூன் இறுதியில் அச்செயலி இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ஆயினும் தொடர் உடனே மறையவில்லை. 2021இல் அதுவே ஒரு திரைப்படத்தின் பெயராயிற்று.

அதன் தேய்வும் அங்கேயே தொடங்கியது என்பது நம் எண்ணம். தகுதி வழக்கின் மூவகையுள் ஒன்றாக நம் இலக்கணம் குழூஉக்குறியைக் கூறும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது, பிறர் அதனை அறியாத வரையில்தான் பயன்படும். இளைஞரின் வாழ்த்தும் அத்தகையதே. ‘நீ எம்மவன்’ என்று உணர்த்துவதே அதன் தொழில். திரைப்படச் சுவரொட்டியிலும், இளமை காட்ட விழையும் சிற்றப்பாக்களின் வாயிலும் அது வந்தபின், அதனைச் சொல்வதால் எவனும் எக்குழுவினனும் ஆவதில்லை. அண்மையில் முதலாண்டு மாணவர் ஒருவரிடம் இத்தொடர் பற்றிக் கேட்டோம். “அதெல்லாம் பழசு, ஐயா” என்றார். இப்போது ‘ப்ரோ’ அவ்விடத்தில் இருக்கிறது. அதுவும் ஒருநாள் பழசாகும்.

ஸலாமை எண்ணிப் பார்த்தால் இவ்வேறுபாடு விளங்கும். “அஸ்ஸலாமு அலைக்கும்” என்பார்க்கு மறுமொழி உண்டு. அம்மறுமொழி கடமையும் ஆகும். முதியவர், சிறுவர் எவர் சொல்லினும் அதன் மதிப்புக் குறைவதில்லை. எல்லாருக்கும் உரியதாதலின் அது நிலைக்கிறது. சிலருக்கே உரியதாக இருக்க விரும்புவதால் இளைஞர் வாழ்த்து மறைகிறது.

எனினும் தொடர் தேய்ந்த பின்னும் ‘மாப்ள’ தேயவில்லை. தேனிக் காணொளிக்கு நெடுநாள் முன்பே தென்மாவட்ட இளைஞர் நாவில் இருந்த அது, இன்றும் இருக்கிறது. தமிழிலும் தெலுங்கிலும் உறவினர் இருவகையினர்: பெண் கொண்டு கொடுப்போர் ஒருவகை, பங்காளிகள் மற்றொரு வகை. கேலியும் உரிமையும் முன்னவரிடமே. முதியவரின் வினா இக்கணக்கைப் பற்றியது. யார் யாருக்கு மாப்பிள்ளை ஆகலாம், யார் ஆகலாகாது என்பது அதனுள் அடங்கியிருந்தது. மாணவனோ, தன் வீட்டார் கனவிலும் மணவுறவு கொள்ளாத ஒரு வீட்டுப் பிள்ளையை அவ்வுறவுச் சொல்லால் அழைத்தான்.

பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று, நீதியரசர் சந்துரு குழு 2024இல் பரிந்துரைக்கும் நிலையில் இருக்கின்றன நம் தென்மாவட்டங்கள். ஒரு சொல் அக்கயிற்றை அறுத்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. காலையில் ‘மாப்ள’ என்றவர்கள் மாலையில் தெருவுக்கொருவராகப் பிரிவதும் உண்டு. ஆயினும், பெரியோரே, அச்சொல்லைக் கேட்டு “எந்த வகையில் மாப்பிள்ளை?” என்று வினவாதீர்கள். விடை அவர்களிடம் இல்லை. அவ்வினா எழாத ஓர் இடத்தை, அறிந்தோ அறியாமலோ, அவர்கள் பேருந்துப் படிக்கட்டில் ஆக்கி வைத்திருக்கிறார்கள்.