இரண்டு பட்டியலில் ஒரே பணம்

ஏற்றுமதி செய்த சரக்குக்குப் பணத்தை நாட்டுக்குள் கொண்டுவர இருந்த 9 மாதக் கெடுவை ரிசர்வ் வங்கி 2025 நவம்பரில் 15 மாதமாக நீட்டியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா போட்ட 50 சதவீத வரியில் திருப்பூர் திணறிய நேரத்தில் வந்த நல்ல செய்தி. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் பற்றி மகிழ்ச்சியோடு எழுத வேண்டும் என்றுதான், புதுக்கோட்டையிலேயே டி-சர்ட் தைத்து அனுப்பும் என் மைத்துனரின் கம்பெனிக்குப் போனேன். திரும்பி வரும்போது மனசு கொதித்தது.

பட்டாவில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று மனிதர்கள் அலைவதைப் பற்றி இந்தப் பத்தியில் நான் எத்தனை முறை புலம்பியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரே ஆள், ஒரே நிலம், இரண்டு ஏடு. ஏடுகள் ஒன்றோடொன்று பேசாததற்குத் தண்டனை மட்டும் ஆளுக்கு. அதே நோயை இங்கே டாலரில் பார்த்தேன்.

கணக்குப் பார்க்கும் கீரனூர்ப் பெண் ஈ.ஆர்.பி. திரையில் பையரின் கணக்கைத் திறந்து காட்டினாள். பாக்கி பூஜ்யம். பக்கத்தில் வங்கி அனுப்பிய பட்டியல். அதே பில்லுக்கு 7,415 டாலர் இன்னும் வரவில்லை என்கிறது. "மாமா, நம்ம கணக்கு நேராத்தான் இருக்கு. பேங்க்ல மட்டும் நிக்கிது" என்றாள்.

நடந்தது இதுதான். 6,000 டி-சர்ட், உருப்படி 4 டாலர் 10 சென்ட், மொத்தம் 24,600 டாலர். துணி வாங்குவதற்கு முன்பே பையர் 30 சதவீதம், அதாவது 7,380 டாலர் அட்வான்ஸ் அனுப்பிவிட்டார். அந்தப் பணம் வந்தபோது இன்வாய்ஸே பிறக்கவில்லை. இருந்தது புரொஃபார்மா மட்டும். வங்கி அந்த வரவுக்கு ஐ.ஆர்.எம். என்கிற ஓர் எண் கொடுத்து, அட்வான்ஸ் என்று பதிந்துகொண்டது.

பிறகு தூத்துக்குடியில் ஷிப்பிங் பில் போட்டார்கள், கப்பலும் போனது. ஷிப்பிங் பில்லின் விவரம் சுங்கத்திலிருந்து ரிசர்வ் வங்கியின் ஈ.டி.பி.எம்.எஸ். என்ற ஏட்டுக்கு நேராகப் போய்விடும். 24,600 டாலர் வரவேண்டும் என்று அங்கே ஒரு வரி விழுந்தது. பையர் மீதி 17,220 டாலரை அனுப்பினார். வழியில் வெளிநாட்டு வங்கி 35 டாலர் பிடித்துக்கொள்ள, 17,185 வந்தது. அது மட்டும் ஷிப்பிங் பில்லோடு சேர்க்கப்பட்டது.

ஈ.ஆர்.பி.யில் அந்தப் பெண் செய்தது சரி. அட்வான்ஸை இன்வாய்ஸில் கழித்தாள், 35 டாலரை வங்கிச் செலவில் எழுதினாள், கணக்கு நேரானது. ஆனால் கழித்தது கம்பெனியின் ஏட்டில் மட்டும். வங்கியிடம் இந்த ஐ.ஆர்.எம். இந்த ஷிப்பிங் பில்லுக்கு உரியது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே ஒரே 7,380 டாலர் இரண்டு குற்றமாக நிற்கிறது. ஒரு பட்டியலில், பணம் வாங்கிக்கொண்டு சரக்கு அனுப்பாதவர். இன்னொன்றில், சரக்கு அனுப்பிப் பணம் கொண்டுவராதவர்.

இது வெறும் ஏட்டுச் சிக்கல் இல்லை. பணம் வராத சரக்குக்கு வாங்கிய டிராபேக்கை வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்லிச் சுங்கத்திலிருந்து நோட்டீஸ் வரும். பத்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறிய பில்களை ஏற்றுமதியாளரின் உறுதிமொழியை வைத்தே மூடலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 அக்டோபரில் சொன்னது. இந்த பில்லோ இருபது லட்சத்தைத் தாண்டுகிறது.

வழி இருக்கிறது. கப்பல் போன 21 நாளுக்குள் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். எல்லாவற்றையும் வங்கியில் கொடுக்க வேண்டும். அந்தக் கவரிங் கடிதத்திலேயே ஷிப்பிங் பில் எண், தேதி, துறைமுகக் குறியீடு, அதற்குரிய அட்வான்ஸின் ஐ.ஆர்.எம். எண், அதில் எவ்வளவு இந்த பில்லுக்கு என்பதை எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதி வரும்போது 35 டாலர் பிடித்ததையும் எழுத வேண்டும். ஒரு அட்வான்ஸுக்கு இரண்டு மூன்று தடவையாகச் சரக்கு போகிற கம்பெனியில் இதை நினைவில் வைத்திருக்க முடியாது. ஈ.ஆர்.பி.யில் அட்வான்ஸ் வரவைப் பதியும் இடத்தில் ஐ.ஆர்.எம். எண்ணுக்கு ஒரு கட்டம் வேண்டும். அது காலியாக இருந்தால் இன்வாய்ஸில் கழிக்க விடக்கூடாது. பையரின் பாக்கி பூஜ்யமா என்று பார்ப்பதோடு நிற்காமல், மாதம் ஒருமுறை வங்கிப் பட்டியலை வாங்கி பில் பில்லாக ஒத்துப் பார்க்க வேண்டும்.

கெடு 15 மாதமானதில் எனக்கு ஒரு பயம் வந்துவிட்டது. 9 மாதத்தில் வங்கியிலிருந்து வரும் கேள்வி இனி 15 மாதம் கழித்து வரும். அதற்குள் இந்தப் பெண் கல்யாணமாகிப் போயிருப்பாள், எந்த அட்வான்ஸ் எந்த பில்லுக்கு என்று சொல்ல ஆள் இருக்காது.

வெள்ளிக்கிழமை கடிதம் எழுதி வங்கியில் கொடுத்தோம். பழைய பட்டியலைப் புரட்டியபோது இதே போல் இன்னும் இரண்டு பில் அகப்பட்டன. அவற்றுக்குரிய ஐ.ஆர்.எம். எண்களை அந்தப் பெண் பழைய மெயில்களில் தேடிக்கொண்டிருக்கிறாள்.