'உங்கள் பெயர் தெரியாது'ன்னு சொல்லாதீங்க சார்!

மக்களே, இன்னிக்கு ஒரு சின்ன கடுதாசி பத்தி பெரிய புலம்பல். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த நோயாளிக்கு ஆஸ்பத்திரிக்காரங்க அனுப்புவாங்களே, "எங்கள் சேவை பற்றி உங்கள் கருத்தைக் கூறுங்கள்"னு, அந்தக் கடுதாசிதான்.

சமீபத்துல மாமாவுக்கு ஒண்ணு வந்துச்சு (ஆஸ்பத்திரி பேரு வேணாமே). "2 நிமிடம் போதும். நீங்கள் யார் என்பது எங்களுக்குத் தெரியாது"ன்னு போட்டிருந்தாங்க. கீழ இருந்த லிங்க்கோட வாலைப் பார்த்தேன். `pid=` போட்டு அவரோட நோயாளி எண்! பொட்டி தட்டுறவன் கண்ணுல முதல்ல அதானே படும்? :-)

எண் போட்டது தப்பே இல்லைங்க. யார் பதில் சொல்லிட்டாங்கன்னு தெரிஞ்சாதான் மத்தவங்களுக்கு மட்டும் நினைவூட்ட முடியும். (அதுக்கு நோயாளி எண்ணையே வைக்கணுமா, சம்பந்தமில்லாத ஒரு எண் போதாதான்னு கேட்டீங்கன்னா, போதும்.) அதை மறைச்சதுதான் தப்பு. 'நீங்க யாருன்னே தெரியாது'ங்கறது வேற, 'தெரியும், ஆனா வெளியே சொல்ல மாட்டோம்'ங்கறது வேற. செய்யறது இரண்டாவது, வாக்கு கொடுக்கறது முதலாவது.

அமெரிக்காவுல எச்.கேப்ஸ்னு ஒரு சர்வே இருக்கு. ஆஸ்பத்திரிகள் 2006-ல இருந்து நடத்துறாங்க, 2008-ல இருந்து முடிவுகள் பொதுவுல வெளியாகுது. அதோட மாதிரிக் கடுதாசி இதை ஒளிக்கறதில்லை. படிவத்துல ஒரு எண் இருக்கும், நீங்க அனுப்பிட்டீங்களான்னு பார்த்து நினைவூட்டலை நிறுத்தத்தான் அதுன்னு நேராவே சொல்லிடுது. கலந்துக்கறது உங்க விருப்பம்னும் சொல்லுது. டிஸ்சார்ஜ் ஆகி 48 மணி நேரம் கழிச்சுதான் தொடர்புகொள்ளணும், நல்ல மார்க் போடுங்கன்னு ஆஸ்பத்திரி கேக்கக்கூடாதுன்னும் விதி. நம்ம ஊர்ல பில் கட்டற கவுன்ட்டர்லயே படிவத்தை நீட்டி, நர்ஸம்மா பக்கத்துல நின்னா யாரு உண்மையை எழுதுவாங்க? நாளைக்கு ரிவ்யூவுக்கு அதே டாக்டர்கிட்டதானே போகணும்!

எண்ணை எடுத்துட்டா மட்டும் ரகசியம் வந்துடாது. ஒரு வார்டுல அந்த வாரம் மூணே பேர் டிஸ்சார்ஜ்னு வைங்க. ஒருத்தர், "இடுப்பு ஆபரேஷன் ஆன மறுநாள் ராத்திரி பெல் அடிச்சும் யாரும் வரலை"ன்னு எழுதறார். பேரே இல்லைன்னாலும் அந்த வார்டு நர்ஸுக்கு ஆள் யாருன்னு தெரிஞ்சுடும். அதனால பத்துப் பேருக்குக் குறைவா பதில் வந்த வார்டுக்குத் தனி அறிக்கை போடாதீங்க. எழுதின கருத்தை அப்படியே வார்டுக்கு அனுப்பாம, ஆள் தெரியற விவரத்தை எடுத்துட்டு அனுப்புங்க. இதைச் செய்ய முடியலைன்னா கடுதாசியில வாக்கும் கொடுக்காதீங்க.

அப்புறம் அந்த '2 நிமிடம்'. முப்பது கேள்வி வச்சிட்டு இப்படிச் சொன்னா, பாதியிலேயே ஓடிடுவாங்க. கடைசி வரைக்கும் நிக்கறது பெரும்பாலும் ரொம்பக் கோபமா இருக்கறவரும், ரொம்ப சந்தோஷமா இருக்கறவரும்தான். நடுவுல இருக்கறவங்க காணாமப் போயிடுவாங்க, சராசரி எடுத்து என்ன பிரயோஜனம்? அனுப்பறதுக்கு முன்னாடி அஞ்சாறு நோயாளிகளை நிரப்பச் சொல்லி கடிகாரத்தைப் பாருங்க. அதுல மெதுவா நிரப்பினவரோட நேரத்தைப் போடுங்க. எங்க டீமோட எஸ்டிமேட் மாதிரி வேணாம் ;-)

நோக்கமும் அப்படித்தான். 'சேவையை மேம்படுத்த'ன்னா யாருக்கும் ஒண்ணும் புரியாது. எதை மாத்தப் போறீங்கன்னு சொல்லுங்க.

நான் எழுதினா இப்படி எழுதுவேன்:

"மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, சென்ற மாதம் எங்கள் மருத்துவமனையில் தங்கியிருந்தீர்கள். இரவில் நோயாளி அழைத்தால் நர்ஸ் வர எவ்வளவு நேரமாகிறது, டிஸ்சார்ஜின்போது மருந்துகளைப் புரியும்படி விளக்குகிறோமா என்று அறிய விரும்புகிறோம். 14 கேள்விகள், 8 நிமிடம் ஆகலாம். வீட்டில் ஒருவர் உதவலாம். இந்தப் படிவத்தில் ஓர் எண் உள்ளது. நீங்கள் பதில் அனுப்பிவிட்டால் மறுபடி தொந்தரவு செய்யாமலிருக்க மட்டுமே அது. உங்கள் பதிலை தரப்பிரிவின் இரு ஊழியர்கள் மட்டுமே பார்ப்பார்கள். டாக்டர், நர்ஸ் யாருக்கும் உங்கள் பெயரோடு போகாது. பதில் தராவிட்டாலும், குறை சொன்னாலும் உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது."

அவ்ளோதான், ஒரு பக்கம்கூட வராது. ஆனா இதுல ஒவ்வொரு வரியும் உண்மையா இருக்கணும்னா, எழுதறவர் முதல்ல ஐடி ஆளுங்ககிட்டயும் வார்டுலயும் போய்க் கேட்டுட்டு வரணும். அந்தச் சோம்பேறித்தனத்துலதான் "நீங்கள் யார் என்பது எங்களுக்குத் தெரியாது" பிறக்குது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது வந்திருந்தா, லிங்க்கோட வாலைப் பார்த்துட்டு பின்னூட்டத்துல சொல்லுங்க. எண்ணை மட்டும் ஒட்டிடாதீங்க சாமி!