டேலி ஆகுது சார்!

பி.காம். படித்தவனுக்கு வீட்டில் ஒரு மரியாதை உண்டு. வேறு எதற்கும் லாயக்கில்லாவிட்டாலும் கூட்டல் மட்டும் தப்பாது என்று நம்புவார்கள். அந்த நம்பிக்கையில்தான் அக்கா போன ஞாயிற்றுக்கிழமை, பத்தாவது படிக்கும் தன் மகளின் காலாண்டு அறிவியல் விடைத்தாளை என் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"அஞ்சு மார்க் கேள்விக்கு சைபர் போட்டிருக்காங்கடா. ஒரு பக்கம் எழுதியிருக்கா குழந்தை. நாளைக்கு ஸ்கூலுக்கு வந்து என்னன்னு கேளு."

கேள்வி இதுதான். 6 ஓம், 3 ஓம் என்று இரண்டு மின்தடைகள் பக்க இணைப்பில் இருக்கின்றன. அந்த ஜோடியோடு ஒரு 1 ஓம் மின்தடை தொடர் இணைப்பில். பாட்டரி 9 வோல்ட். மொத்த மின்தடை எவ்வளவு? மொத்த மின்னோட்டம் எவ்வளவு? அது 6-க்கும் 3-க்கும் எப்படிப் பிரியும்?

குழந்தை எழுதியிருந்தது: 1/6 + 1/3 = 1/2. ஆகவே ஜோடியின் மின்தடை அரை ஓம். அதோடு 1 ஓம் சேர்த்தால் ஒன்றரை. 9-ஐ ஒன்றரையால் வகுத்தால் 6 ஆம்பியர். அதில் 6 ஓம் வழியாக 4 ஆம்பியர், 3 ஓம் வழியாக 2 ஆம்பியர்.

சட்னியைத் தள்ளி வைத்துவிட்டுக் கூட்டிப் பார்த்தேன். நாலும் ரெண்டும் ஆறு. டேலி! வகுத்தலும் மீதியில்லாமல் அழகாக வந்திருக்கிறது. இதற்குப் போய் சைபரா? காமர்ஸ்காரன் ரத்தம் கொதித்தது.

ஆனாலும் சண்டைக்குப் போகுமுன் ஒரு சாட்சி வேண்டுமே! மாடி வீட்டில் ரிட்டயர்டு பிசிக்ஸ் வாத்தியார் இருக்கிறார். மருமகளைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன்.

சார் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார். "ஃபார்முலாவை மறந்துடும்மா. ஆறும் மூணும் பேரலல்ல இருக்கு. விடை எதுக்குள்ள வரணும்?"

"இருக்கறதுல சின்னதை விடக் குறைவா வரணும் சார். மூணை விடக் கம்மி. நான் எழுதின அரை கம்மிதானே?"

"இதுதான் சிக்கல். எல்லாரும் பாதி விதியை மட்டும் சொல்லிக் கொடுத்துடறோம்" என்றார் சார். "கல்யாண மண்டபத்துப் பந்திக்கு ஒரு வாசல் இருக்கு. பக்கத்துல இன்னொரு வாசலைத் திறந்தா, அது எவ்வளவு குறுகலா இருந்தாலும் கூட்டத்துக்கு லாபம்தான். அதனால மூணை விடக் குறையும். ஆனா எவ்வளவு குறையும்? திறந்த ரெண்டாவது வாசலும் முதல் வாசல் அளவுக்கே இருந்தா சரிபாதி. மூணுக்குப் பாதி ஒன்றரை. நம்ம ரெண்டாவது வாசல் ஆறு ஓம். மூணை விடக் குறுகல். அப்ப ஒன்றரை வரைக்கும் இறங்கவே இறங்காது. விடை ஒன்றரைக்கும் மூணுக்கும் நடுவுலதான் இருக்கணும். நீ அரைன்னு எழுதியிருக்கே."

மருமகள் தாளைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, திருப்பிப் போட மறந்துட்டேன்! அரைங்கறது 1/R. R ரெண்டு."

அவ்வளவுதான் விஷயம். ஜோடி 2 ஓம், தொடரில் 1 ஓம், மொத்தம் 3. ஒன்பதை மூன்றால் வகுத்தால் 3 ஆம்பியர்.

"சரி சார், அது கவனக்குறைவு" என்றேன் நான், கட்சிக்காரரை விட்டுக்கொடுக்காத வக்கீலாக. "ஆனா பிரிச்சது டேலி ஆகுதே?"

"உங்க ட்ரையல் பாலன்ஸ் டேலி ஆனா எல்லாக் கணக்கும் சரின்னு அர்த்தமா?"

வாயை மூடிக்கொண்டேன். ராமசாமி கணக்கில் எழுத வேண்டியதைக் கிருஷ்ணசாமி கணக்கில் எழுதினாலும் ட்ரையல் பாலன்ஸ் சமர்த்தாக டேலி ஆகும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான்.

"கூட்டிப் பார்க்காதீங்க, பெருக்கிப் பாருங்க" என்றார் சார். "பேரலல்ல இருக்கற ரெண்டுக்கும் ஒரே வோல்டேஜ். ஆம்பியரை ஓமால பெருக்கினா ரெண்டு பக்கமும் ஒரே எண் வரணும். இங்க நாலு ஆறு இருபத்துநாலு. ரெண்டு மூணு ஆறு. ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலை. அதை விடு, பாட்டரியே ஒன்பது வோல்ட். இருபத்துநாலு எங்கேர்ந்து வந்தது?"

மருமகள் அதற்குள் பென்சிலை எடுத்துவிட்டாள். 3 ஆம்பியர் முதலில் அந்த 1 ஓமைக் கடக்க 3 வோல்ட் போச்சு. ஒன்பதில் மிச்சம் 6 வோல்ட்தான் ஜோடிக்கு. ஆறை ஆறால் வகுத்தால் 1 ஆம்பியர், ஆறை மூன்றால் வகுத்தால் 2 ஆம்பியர். பெருக்கினால் இரண்டு பக்கமும் ஆறு. பெரிய தடையில் குறைந்த மின்னோட்டம். அவள் எழுதியிருந்தது நேர் தலைகீழ்.

இத்தோடு இறங்கி வந்திருக்கலாம். சார் விடவில்லை. "இந்தத் தலைகீழ் பழக்கம் வேற எங்கேயாவது இருக்கா பார்ப்போம்" என்று பக்கத்தைப் புரட்டினார். இருந்தது! 4 ஓமும் 8 ஓமும் தொடர் இணைப்பில், 6 வோல்ட் பாட்டரி. ஒவ்வொன்றிலும் எத்தனை வோல்ட்? மருமகள் 4 ஓமுக்கு 4 வோல்ட், 8 ஓமுக்கு 2 வோல்ட் என்று எழுதி, பக்கத்தில் ஜம்மென்று சிவப்பு டிக்கோடு இரண்டு மார்க்.

"நாலும் ரெண்டும் ஆறு. டேலி" என்றேன் பழக்கதோஷத்தில்.

"தொடர்ல பெருக்கக் கூடாது, வகுக்கணும். ஒரே ஓட்டம்தானே ரெண்டு வழியாவும் போகுது? நாலை நாலால வகுத்தா 1 ஆம்பியர். ரெண்டை எட்டால வகுத்தா கால். ஒரே கம்பியில ரெண்டு ஓட்டமா? மொத்தம் 12 ஓம், ஓட்டம் அரை ஆம்பியர். நாலுக்கு 2 வோல்ட், எட்டுக்கு 4 வோல்ட். திருத்தினவரும் உங்களை மாதிரி கூட்டிப் பார்த்துட்டார்போல."

நியாயம் கேட்கப் போனவன் பாடு திண்டாட்டம். சைபர் போட்ட கேள்விக்குத் தான் திருத்தியிருந்தால் இரண்டு மார்க் போட்டிருப்பேன் என்றார் சார். ஃபார்முலா சரி, தப்பான ஓமை வைத்துக்கொண்டாலும் மின்னோட்டத்துக்கு வகுத்த முறை சரி. ஆனால் இந்த சிவப்பு டிக்?

கீழே வந்து அக்காவிடம் சொன்னேன். "ரெண்டாவது கேள்வியை யார் பார்க்கப் போறாங்க? அந்தப் பக்கத்தை மடிச்சு வெச்சுட்டு அஞ்சு மார்க்கை மட்டும் கேளு" என்றாள் அக்கா. எனக்கும் அது ஒன்றும் மகாபாவமாகத் தோன்றவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மருமகள் பேசாமல் பென்சிலால் இரண்டு கேள்விகளையும் வட்டமிட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். "நீ வர வேண்டாம் மாமா. நானே கேட்டுக்கறேன்."

திங்கட்கிழமை சாயங்காலம் தாள் திரும்பி வந்தது. ஒரு கேள்வியில் இரண்டு ஏறியிருந்தது. இன்னொன்றில் இரண்டு இறங்கியிருந்தது. மொத்தம் பழையபடி அதே 61.

"இதுக்கா ரெண்டு நாள் மாடி ஏறி இறங்கினீங்க?" என்று கேட்டுக்கொண்டே அக்கா கையெழுத்துப் போட்டாள்.