வீட்டிலுள்ள திறன்பேசியும் மாணவர் கற்ற கல்வியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொரோனா காலத்து இணையவழிக் கல்வியைப் பற்றிய உரையரங்குகளில், கிராமப்புற மாணவர் வீடுகளில் ஏறத்தாழ 62 விழுக்காட்டில் திறன்பேசி இருந்தது என்னும் கணக்கு எவ்விதக் கேள்வியும் இன்றி மேற்கோளாக வைக்கப்படுவது கண்டிக்கத்தக்கது.

அக்கணக்கு யாரை எண்ணிப் பெறப்பட்டது என்பதே உரையாளரிடம் கேட்கப்பட வேண்டிய முதற்கேள்வி. 2018இல் கிராமப்புறக் கல்வி நிலையை அளக்கும் அசர் ஆய்வினர் வீடுவீடாகச் சென்று எண்ணியபோது 36.5 விழுக்காடாக இருந்த அளவு, 2020 செப்டம்பரில் 61.8 ஆக உயர்ந்தது; ஆனால் பள்ளிகள் மூடியிருந்த அவ்வாண்டில் ஆய்வு தொலைபேசி வழியே நடந்ததால், முன்பு எண் கொடுத்து, மீண்டும் அழைத்தபோது எடுத்த குடும்பங்களே கணக்கில் வந்தன. உயர்வின் ஒரு பகுதி மெய்யானதே என்றாலும், தொலைபேசியே இல்லாத வீட்டைத் தொலைபேசியால் எண்ண இயலாது.

அடுத்த கேள்வி, கருவி வீட்டில் இருப்பதும் பாட நேரத்தில் மாணவரின் கையில் இருப்பதும் ஒன்றாகக் கொள்ளப்படுவது ஏன் என்பது. திற்பரப்பைச் சுற்றிய ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு விடியுமுன் தொடங்குவதால், வீட்டின் ஒரே திறன்பேசி பெற்றோருடன் வேலைக்குப் போய்விடுகிறது. பேச்சிப்பாறைக்கு மேலுள்ள காணிக் குடியிருப்புகளிலோ கருவி இருந்தும் அலைவரிசை கிடைப்பது அரிது. அதே 2020 ஆய்வில், ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் பள்ளியிலிருந்து பாடப்பொருள் பெற்றோர் மூன்றில் ஒரு பங்கு அளவினரே என்பது இவ்விடைவெளியைக் காட்டும். 62 விழுக்காட்டை மேடையேற்றுவோர் இதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

மூன்றாவது, கற்றல் இழப்பு எதனோடு ஒப்பிட்டு அளக்கப்பட்டது என்பது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டின் 220 கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்து, 2021 டிசம்பரில் இருந்த நிலையை 2019இல் அதே கிராமங்களில் அதே வயதினர் பெற்றிருந்த நிலையோடு ஒப்பிட்டனர். கணிதத்தில் 0.73, தமிழில் 0.34 திட்டவிலக்கம் பின்னடைவு தெரிந்தது. திட்டவிலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் அளவாதலால், கணித இழப்பு மிகப் பெரியது. ஆயினும் இது பள்ளி மூடலின் மொத்த விளைவேயன்றிக் கருவியின்மையின் தனி விளைவன்று. பள்ளி திறந்த ஆறு மாதங்களில் இப்பின்னடைவில் மூன்றில் இரு பங்கு ஈடாயிற்று என்பதும், அம்மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு, தன்னார்வலர் மாலை நேரத்தில் நேரில் கற்பித்த ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைச் சேர்ந்தது என்பதும் கருவி வழங்கலை மட்டுமே தீர்வாக முன்வைப்போர் விடைசொல்ல வேண்டிய செய்திகள்.

ஆகவே, இவ்வகை உரைகளை நடத்துவோர் கேள்வி நேரத்தை வாழ்த்துரைகளுக்கு விட்டுக்கொடாமல் காக்க வேண்டும். பள்ளிக்கல்வித் துறையும் குமரி மாவட்ட மலையோரப் பள்ளிகளில் கருவி, அலைவரிசை, பயன்படுத்திய நேரம் ஆகிய மூன்றையும் தனித்தனியே எண்ணி வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திற்பரப்பு.